மூடு பார்த்தே பேசிப் பழகிய வீட்டில் நடக்கும் தவறுகள்

மதுரை விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடை வைத்திருக்கிறார் ஒரு முன்கோபக்காரக் கணவர் என்று வைத்துக்கொள்வோம். ராத்திரி பைக் சத்தம் கேட்டதுமே டிவி அணைகிறது, பிள்ளைகள் உள்ளே போகிறார்கள். சாவியை மேசையில் போடும் சத்தத்திலேயே மனைவி அன்றைய நிலவரத்தைக் கணித்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை உசிலம்பட்டியில் அக்கா மகளுக்குக் காதுகுத்து. அதைச் சொல்ல நல்ல மூடுக்காகக் காத்திருந்து, கடைசியில் சனிக்கிழமை ராத்திரிதான் வாய் திறக்கிறார்.

இந்தக் காத்திருப்புதான் பெரிய தவறு. "நாளைக்குப் போறத இப்பச் சொல்றியா?" என்று அவர் கத்தும்போது, அந்தக் கேள்வியில் நியாயமும் சேர்ந்துவிடுகிறது. சொன்னால் சண்டைதான் என்ற பயம் உறுதியாகி, அடுத்த விஷயம் இன்னும் தள்ளிப்போகும். கடையிலிருந்து வந்த சூட்டில் வேண்டாம், சரி. ஆனால் நாலைந்து நாள் முன்பே, காலை டீ நேரத்தில் சொல்லிவிடலாம்: "என்னங்க, ஞாயித்துக்கிழமை அக்கா மக காதுகுத்து. நானும் பிள்ளைகளும் காலையிலயே கெளம்புறோம். நீங்க மதியச் சாப்பாட்டுக்கு வந்துட்டா நல்லாருக்கும்." இதில் அனுமதி கேட்பதும் இல்லை, குத்தலும் இல்லை. "எங்க வீட்டு விசேஷம்னாலே உங்களுக்கு எப்பவும் இப்படித்தான்" என்று ஆரம்பித்தால் பேச்சு காதுகுத்தை விட்டு அவர் குணத்துக்குப் போய்விடும்.

குரல் ஏறிய பிறகும் விடாமல் விளக்கிக்கொண்டே இருப்பது இன்னொன்று. தம்பதிகளின் சண்டைகளை ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன், நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டினால் எதிராளி சொல்வது சரியாக ஏறாது என்கிறார். உடம்பு அடங்கக் குறைந்தது 20 நிமிடமாவது வேண்டும். "இப்ப ரெண்டு பேருக்கும் சூடா இருக்கு. சாப்பிட்டுட்டு ஒம்பதரைக்குப் பேசுவோம்" என்று நேரம் சொல்லி நகருங்கள். நேரம் சொல்லாமல் போனால் முறைத்துக்கொண்டு போனதாகத்தான் தெரியும். ஒன்பதரைக்குப் பேச்சை எடுக்க வேண்டியதும் நீங்கள்தான், அவராக வரமாட்டார்.

ஒன்று மட்டும் பிரித்துப் பாருங்கள். கை ஓங்குவது, பொருளை வீசுவது, போனைப் பிடுங்குவது, செலவுக்குக் காசு தராமல் மடக்குவது எல்லாம் மூடு கணக்கில் வராது. அங்கே இந்தப் பேச்சு முறையைச் சோதித்துப் பார்க்க வேண்டாம். 181 மகளிர் உதவி எண் இரவிலும் எடுக்கும். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் அடியை மட்டுமல்ல, காசை முடக்குவதையும் வன்முறை என்றே சொல்கிறது.

சாதாரண முன்கோபம்தான் என்றால், கத்தலைவிடக் கஷ்டம் அதற்கப்புறம் வரும் இரண்டு நாள் 'உம்'. அப்போதுதான் பலர் தோற்கிறார்கள். "கோவமா?" என்று பத்துத் தடவை கேட்டு, மகளைத் தூது விட்டு, கடைசியில் "சரி, நான் போகல" என்று முடித்துவிடுவார்கள். முகத்தைத் தூக்கி வைத்தால் காரியம் நடக்கும் என்று அவருக்கும் புரிந்துவிடும். எப்போதும்போல் சோறு போடுங்கள், கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் ஏறுங்கள். முதல் இரண்டு மூன்று தடவை அந்த 'உம்' வழக்கத்தைவிட நீளும், அதற்குத் தயாராக இருங்கள்.