டைம்லைனில் பச்சைக் கோடு வந்துவிட்டால் வீடியோ ரெடியா? பிரீவியூ ரெண்டரும் எக்ஸ்போர்ட்டும்

போன தை மாதம் கானாடுகாத்தானில் ஒரு வீட்டுக் கல்யாணம். நாலு நிமிட ஹைலைட் வீடியோவை எங்களிடம் வேலை பழக வந்த தம்பி எடிட் செய்து, பென் டிரைவில் போட்டுக் கொண்டுபோய்ப் பெண் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தான். சாயங்காலம் அந்த வீட்டு ஆச்சி போன் செய்தார்: "என்னப்பா, துண்டு துண்டா ஓடுது, மேளச் சத்தமே கேக்கலை, பாதி ஃபைல் திறக்கவே மாட்டேங்குது." பென் டிரைவை வாங்கிப் பார்த்தால் உள்ளே இருந்தது `Adobe Premiere Pro Video Previews` என்கிற ஃபோல்டர். என்டர் தட்டினான், ரெண்டர் ஓடியது, கோடு பச்சையானது, ஃபோல்டரில் வீடியோ ஃபைல்களும் இருந்தன. அதுதான் முடிந்த வீடியோ என்று நினைத்துவிட்டான். பிரீமியர் ப்ரோ புதிதாகப் பழகுகிற பலருக்கும் இந்தக் குழப்பம் வருகிறது, அதனால் அதே கல்யாணக் காட்சியை வைத்தே படிப்படியாகச் சொல்கிறேன்.

முதலில் அந்தக் கோட்டின் நிறம். டைம்லைனின் மேலே ஓடும் மெல்லிய கோடு மஞ்சளாக இருந்தால், அந்த இடம் ரெண்டர் செய்யாமலே தடங்காமல் ஓடக்கூடும் என்று பிரீமியர் கணிக்கிறது. சிவப்பு என்றால் தடங்கித் தடங்கி ஓட வாய்ப்பு உண்டு. பச்சை என்றால் அந்தப் பகுதியைக் கணக்குப் போட்டு ஒரு தற்காலிக ஃபைலாக டிஸ்கில் எழுதி வைத்துவிட்டது, இனி பிளே செய்யும்போது அதை எடுத்து ஓட்டும். அந்தத் தற்காலிக ஃபைல் டைம்லைனில் உட்கார்ந்து பார்க்கிற உங்களுக்காக மட்டும் எழுதப்பட்டது. துண்டு துண்டாகத்தான் இருக்கும், சத்தம் அதில் இருக்காது, ஆச்சி வீட்டு டிவிக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

சரி, அப்படியானால் பிரீவியூ ரெண்டர் எப்போது வேண்டும்? கண்ணால் பார்த்து ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது, ஆனால் தடங்கல் இல்லாமல் பார்க்க முடியவில்லை என்றால், அப்போதுதான். அதிலும் முதலில் புரோகிராம் மானிட்டரின் கீழே இருக்கும் பிளேபேக் ரெசல்யூஷனை `Full`-இலிருந்து `1/2`-க்கு மாற்றிப் பாருங்கள், பாதி நேரம் அதுவே போதும். திரையில் கொஞ்சம் மங்கலாகத் தெரியும், அவ்வளவுதான், கடைசி ஃபைலின் தரத்துக்கு அதனால் ஒன்றும் ஆகாது.

அதுவும் போதாத ஒரு இடம் இந்த வீடியோவில் இருந்தது. பெண் வளவில் தூண் வரிசையைக் கடந்து நடந்து வருகிற காட்சி, 25 பிரேமில் எடுத்த 4 வினாடிக் கிளிப். அதை 10 வினாடிக்கு இழுக்க வேண்டும். கிளிப்பின் மேல் ரைட் கிளிக் செய்து `Speed/Duration` போய் 40 என்று கொடுத்து, கீழே `Time Interpolation` என்ற இடத்தில் `Optical Flow` தேர்ந்தெடுத்தோம். இப்போது கணக்கைப் பாருங்கள்: 10 வினாடிக்கு 250 பிரேம் வேண்டும், கேமரா கொடுத்தது 100 தான். மீதியைப் பிரீமியர் தானாக வரைந்து நிரப்ப வேண்டும். ரெண்டர் செய்யும் வரை அது எப்படி வரையப்போகிறது என்பதை டைம்லைனில் ஒழுங்காகப் பார்க்கவே முடியாது, கோடும் சிவப்பாகவே நிற்கும். இங்கே பிரீவியூ ரெண்டர் கட்டாயம் வேண்டும்.

செய்கிற முறை இதுதான். கிளிப் தொடங்கும் இடத்தில் `I`, முடியும் இடத்தில் `O` அழுத்துங்கள். அப்புறம் `Enter`. அதாவது `Sequence` மெனுவில் இருக்கும் `Render Effects In to Out`, சிவப்பாக இருப்பதை மட்டும் ரெண்டர் செய்யும். நாலு நிமிடத்தையும் ரெண்டர் செய்ய வேண்டாம், சந்தேகமான அந்தப் பத்து வினாடி போதும்.

பச்சை வந்ததும் ஓட்டிப் பார்த்தோம். பெண் ஒவ்வொரு தூணைக் கடக்கும்போதும் தூணின் ஓரம் ரப்பர் மாதிரி வளைந்து அவள் தோளோடு ஒட்டிக்கொண்டு வந்தது, காலடியில் ஆத்தங்குடிக் கல்லின் பூ டிசைன் நெளிந்தது. ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வரும் தூண், தரை, கம்பி அழி இவற்றுக்கு முன்னால் ஆள் நகர்ந்தால், எந்தப் புள்ளி எங்கே போனது என்று மென்பொருளுக்குப் பிடிபடாமல் போய்விடும். நம் ஊர் வீடுகளில் எடுக்கிற காட்சிகளில் இதை நிறையவே பார்க்கலாம். வேகத்தை 60க்கு ஏற்றி, `Frame Blending`-க்கு மாற்றினோம். லேசாக நிழல் விழுந்த மாதிரி இருந்தது, ஆனால் தூண் நேராக நின்றது. இப்படி எதை மாற்றினாலும் பழைய பச்சை போய்விடும், தேவைப்பட்டால் மறுபடி என்டர் தட்டுங்கள். (அடுத்த கல்யாணத்தில் இந்த மாதிரி காட்சியை 50 பிரேமில் எடுத்துவிடுங்கள். 25 பிரேம் டைம்லைனில் அதைப் பாதி வேகத்துக்குக் குறைத்தாலும் புதிதாக ஒரு பிரேம்கூட வரைய வேண்டியதில்லை.)

முடிவு எடுத்தாயிற்று, இனி எக்ஸ்போர்ட். இதற்கு முன் டைம்லைன் முழுவதையும் பச்சையாக்க வேண்டும் என்று பலர் அரை மணி நேரம் காத்திருக்கிறார்கள், அது தேவையே இல்லை. எக்ஸ்போர்ட் சாதாரணமாக அந்தப் பச்சை ஃபைல்களைத் தொடாது. கேமரா ஃபைலிலிருந்து எல்லாவற்றையும் புதிதாகக் கணக்குப் போட்டு, சத்தத்தையும் சேர்த்து ஒரே ஃபைலாக எழுதும்.

ஆனால் அதற்கு முன் ஒன்று, `Ctrl+Shift+X` அழுத்திப் பழைய `I`, `O` குறிகளை நீக்கிவிடுங்கள். மறந்தால் அந்தச் சின்னப் பகுதி மட்டும்தான் எக்ஸ்போர்ட் ஆகும், ஃபைல் சீக்கிரம் முடிந்துவிட்டதே என்று சந்தோஷப்பட்டுவிட்டு அப்புறம் பார்த்தால் தூண் காட்சி மட்டும் இருக்கும். பிறகு டைம்லைனைக் கிளிக் செய்து `Ctrl+M`. ஃபார்மட் `H.264`, இதில் வரும் எம்பி4 ஃபைல் டிவி, போன், வாட்ஸ்அப் எல்லாவற்றிலும் ஓடும். ரேஞ்சில் `Entire Source` இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். 1080பி வீடியோவுக்கு டார்கெட் பிட்ரேட் 10 எம்பிபிஎஸ் வைத்தால், 240 வினாடிக்கு 2400 மெகாபிட், எட்டால் வகுத்தால் சுமார் 300 எம்பி. பக்கத்தில் காட்டுகிற அளவு இதற்கு அருகில் இல்லாமல் 12 எம்பி என்று வந்தால், ரேஞ்ச் தப்பு என்று அப்போதே தெரிந்துவிடும்.

அங்கேயே `Use Previews` என்று ஒரு டிக் பெட்டி இருக்கும். நேரம் மிச்சமாகுமே என்று டிக் போடத் தோன்றும், ஆனால் சீக்வென்ஸ் செட்டிங்ஸில் பிரீவியூ ஃபார்மட் `I-Frame Only MPEG` என்று இருந்தால் போடாதீர்கள். ஏற்கெனவே சுருக்கிய படத்தை எடுத்து மறுபடி சுருக்கும், மங்கிய வெளிச்சத்தில் எடுத்த பட்டுப்புடவையின் நிறம் முதலில் கட்டம் கட்டமாகப் போவது இப்படித்தான். பிரீவியூவையே `ProRes 422` மாதிரி தரமான கோடெக்கில், முழு அளவில் எழுதி வைத்திருந்தால் மட்டும் டிக் போடலாம், கனமான எஃபெக்ட் நிறைய இருக்கிற வீடியோவில் அது உண்மையிலேயே நேரத்தைக் குறைக்கும்.

எக்ஸ்போர்ட் முடிந்ததும் பிரீமியரை மூடிவிட்டு, அந்த எம்பி4ஐ வேறு பிளேயரில் முதலிலிருந்து கடைசி வரை சத்தத்தோடு பாருங்கள். அப்புறம் அந்த ஒரே ஒரு ஃபைலைப் பென் டிரைவில் போடுங்கள். `.prproj` ஃபைலையும் போட வேண்டாம், அதில் எந்தக் கிளிப் எங்கே வெட்டப்பட்டது என்ற குறிப்புதான் இருக்கும், படம் இருக்காது.

ஆச்சி வீட்டில் பார்த்து, சரி என்று சொன்ன பிறகு `Sequence` மெனுவில் `Delete Render Files` கொடுத்தோம். டிஸ்கில் இடம் கிடைத்தது, கேமரா ஃபைலும் புராஜெக்டும் அப்படியே இருக்கின்றன.