டிவி கேபிளைச் சுவருக்குள் விடும்போது: எது போகலாம், எது போகக் கூடாது

இது அமெரிக்காவில் ட்ரைவால் சுவர் உள்ள வீட்டுக்கானது. வாடகை வீடென்றால் சுவரை வெட்ட வேண்டாம். மேலே ஒட்டும் பிளாஸ்டிக் சேனலுக்குச் சுவரின் பெயிண்டையே அடித்துவிட்டால் கண்ணை உறுத்தாது.

முதலில் கேபிள். டிவியின் பவர் கார்டைச் சுவருக்குள் விடவே கூடாது. இழுத்து மடக்கி வெளியில் வைத்துக்கொள்ளச் செய்த ஒயர் அது. உள்ளே சூடேறினாலும் உறை கிழிந்தாலும் யார் கண்ணிலும் படாது. மின்சாரத்துக்கென்றே கிட் விற்கிறார்கள். மேலே ஒரு பெட்டி, கீழே ஒரு பெட்டி, நடுவில் சுவருக்குள் போகத் தகுதியான ஒயர். கீழ்ப் பெட்டியை இருக்கிற பிளக் பாயிண்டோடு இணைத்தால் போதும். இல்லையென்றால் எலக்ட்ரீஷியனை வைத்து டிவிக்குப் பின்னால் புதுப் பாயிண்ட் போடுங்கள்.

எச்டிஎம்ஐ கேபிளின் உறையில் CL2 அல்லது CL3 என்று அச்சிட்டிருக்க வேண்டும். தீ அந்த உறை வழியே எளிதில் பரவாது என்று சோதித்த அடையாளம் அது. அட்டைப்பெட்டியில் எழுதியிருப்பதை நம்பாமல் கேபிளையே திருப்பித் திருப்பிப் பாருங்கள். CL3 இருந்தால் CL2 கேட்கும் இடத்திலும் போடலாம். ஏசி காற்று ஓடும் இடத்துக்கு மட்டும் இரண்டும் போதாது.

அடுத்து நீளம். என் வீட்டில் மேல் துளை தரையிலிருந்து 48 அங்குலம், கீழ்த் துளை 14 அங்குலம். இடைவெளி 34. டிவி பக்கம் வளைக்க 24, கீழே இணைக்கும் சாதனம் வரை 36. மொத்தம் 94 அங்குலம், அதாவது எட்டு அடிக்குச் சற்றுக் குறைவு. வாங்கியது பத்தடி.

இனி சுவர். ஸ்டட் ஃபைண்டரால் மரச்சட்டங்களைக் குறியுங்கள். பெரும்பாலும் 16 அங்குலத்துக்கு ஒன்று இருக்கும். இரண்டு துளையும் அதே இரு சட்டங்களுக்கு நடுவே வரவேண்டும். வெளிச்சுவர் வேண்டாம், உள்ளே இன்சுலேஷன் அடைத்திருக்கும்.

நான் அவசரப்பட்டு இரண்டையும் ஒரே மூச்சில் வெட்டிவிட்டேன். கேபிளை இழுக்க மேலிருந்து விட்ட ஃபிஷ் டேப் என்ற நீளப் பட்டை ஒன்றரை அடியில் 'டக்' என்று நின்றது. திருப்பினாலும் அசைத்தாலும் அதே ஆழம். குறுக்கே ஒரு கட்டை! பக்கத்து இடைவெளியில் மறுபடி வெட்டி, பழைய ஓட்டைகளைப் பூசி மூட ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. நீங்கள் மேல் துளையை மட்டும் சிறிதாக வெட்டி, டேப்பை விட்டுப் பாருங்கள். தடையில்லாமல் இறங்கினால் மட்டும் கீழே வெட்டுங்கள். ரம்பத்தை ஆழமாகக் குத்த வேண்டாம். பலகை அரை அங்குலம்தான், பின்னால் மின் ஒயர் இருக்கலாம்.

கேபிள் முனையை ஃபிஷ் டேப்போடு சேர்த்து இன்சுலேஷன் டேப்பால் வழவழப்பாகச் சுற்றி, மெல்ல இழுங்கள். எச்டிஎம்ஐ தலை அகலமானது, துளை அதற்கு இடம்விட வேண்டும். துளையை மறைக்கும் பிரஷ் பிளேட்டை மூடும் முன்பே டிவியைத் தரையில் வைத்து இணைத்து, படம், சவுண்ட்பார் இரண்டும் வருகிறதா பாருங்கள். வந்த பிறகே சுவரில் மாட்டுங்கள்.