ஆவணம் சமர்ப்பிக்க அவகாசம் கேட்கும்போது

ஆரோக்கிய சஞ்சீவனி மருத்துவக் காப்பீட்டுப் பாலிசியில் அவசர சிகிச்சை என்றால் 24 மணி நேரத்துக்குள் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் தர வேண்டும். செலவைத் திரும்பப் பெறும் ஆவணங்களை டிஸ்சார்ஜ் ஆன நாளிலிருந்து 30 நாட்களுக்குள் அனுப்ப வேண்டும். இவை இரண்டும் தனித்தனி நிபந்தனைகள் என்பதால், தகவல் உரிய நேரத்தில் தரப்பட்டிருந்தால் அதை அவகாசம் கேட்கும் கடிதத்தின் முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.

பக்கவாதத்தால் சேர்க்கப்பட்டவர் ஜூன் 3 அன்று வீடு திரும்புகிறார், கையெழுத்திட முடியாத நிலை, ஸ்கேன் அறிக்கையும் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். கெடு ஜூலை 3. அது முடியும்வரை காத்திராமல் ஜூன் 25 வாக்கிலேயே மின்னஞ்சலில் இப்படி எழுதலாம்:

"சேர்க்கப்பட்ட அன்றே தகவல் தெரிவித்து, உரிமைகோரல் எண் பெற்றுள்ளோம். பாலிசியின் நிபந்தனையின்படி, காப்பீடு பெற்றவரின் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட தாமதத்தைப் பொறுத்துக்கொள்ள இடமுண்டு என்பதால், ஸ்கேன் அறிக்கையையும் கையெழுத்திட்ட படிவத்தையும் சமர்ப்பிக்க ஜூலை 18 வரை அவகாசம் கோருகிறேன்."

நிபந்தனை எண்ணை உங்கள் பாலிசிப் புத்தகத்தைப் பார்த்துக் குறிப்பிடுங்கள். நோயாளியின் நிலையைக் கூறும் மருத்துவர் சான்றையும், கைவசமுள்ள டிஸ்சார்ஜ் சுருக்கம், பில்களின் நகல்களையும் உடன் இணைத்துவிடுங்கள். "உடல்நலம் சரியில்லை" என்று மட்டும் எழுதினால் தாமதத்துக்கான காரணம் நிரூபணமாகாது.

கெடு ஏற்கெனவே தாண்டியிருந்தாலும் எழுதுங்கள். தவிர்க்க முடியாத தாமதத்தை மட்டும் காட்டி நியாயமான கோரிக்கையை நிராகரிக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2011 செப்டம்பரில் சுற்றறிக்கை விட்டிருக்கிறது.