ரயில் டிக்கெட் வீடியோ: நள்ளிரவுத் தேதியைக் காட்டுவது எப்படி

ஐஆர்சிடிசி ஆப்பில் டிக்கெட் எடுப்பதைக் காட்டும் வீடியோக்கள் நிறைய இருக்கின்றன. பெரும்பாலும் எந்த பட்டனை அழுத்துவது என்பதோடு நின்றுவிடுகின்றன. எங்கே தப்பு நடக்கும் என்பதைக் காட்டினால்தான் பார்ப்பவருக்குப் பயன்.

முதலில் ஒரு தப்பைத் தேர்ந்தெடுங்கள். நான் எடுத்தது நள்ளிரவுத் தேதி. என் சித்தப்பாவுக்குத் திருச்சியிலிருந்து சென்னைக்கு 'சனிக்கிழமை ராத்திரி 12.20' ரயில். காலண்டரில் சனிக்கிழமையைத் தொட்டு டிக்கெட் எடுத்துவிட்டார். சாப்பிட்டு முடித்து சனி ராத்திரி பதினொன்றரைக்கு ஸ்டேஷனுக்குப் போனால், அவருடைய ரயில் முந்தின ராத்திரியே போய்விட்டது. 12 மணி தாண்டினால் ஞாயிறு. அவர் ஞாயிற்றுக்கிழமைத் தேதியைப் போட்டிருக்க வேண்டும்.

அடுத்து ஸ்கிரீன் ரெக்கார்டிங். அறிவிப்புகளை அணைத்துவிடுங்கள்; இல்லையென்றால் ஓடிபி மேலே வந்து நிற்கும், அதுவும் பதிவாகிவிடும். பேசிக்கொண்டே பதிவு செய்யாதீர்கள். விளக்கம் நீண்டால் ஆப் நேரம் முடிந்து வெளியே தள்ளிவிடும். மௌனமாக ஒரே ஓட்டமாகப் பதிவு செய்து, குரலை அப்புறம் சேருங்கள். புறப்படும் ஊர், சேரும் ஊர், தேதி, ரயில், பயணி விவரம் என்று போய், பணம் கட்டும் பக்கத்துக்கு முன்னால் நிறுத்திவிடலாம். டிக்கெட் வாங்க வேண்டிய அவசியமே இல்லை. சேரும் ஊரைத் தட்டும்போது ஒரு நொடி நில்லுங்கள்: சென்னை எழும்பூரின் குறியீடு MS, சென்ட்ரலின் குறியீடு MAS. புதியவர்கள் இதில் தடுமாறுவார்கள்.

ஸ்டேஷன் காட்சி மூன்று போதும்: பிளாட்பார கடிகாரம், ரயில் வரும் நேரம் காட்டும் போர்டு, கோச் எண் காட்டும் பலகை. ஸ்டேஷன் மாஸ்டரிடம் முதலில் கேட்டுவிடுங்கள். நல்ல ஆங்கிள் கிடைக்கும் என்று தண்டவாளத்தில் இறங்க வேண்டாம். ரயில்வே சட்டத்தில் அது குற்றம்.

சரி, எடிட்டிங். கடிகாரம் 11.58 காட்டும் இடத்தில் தொடங்கி, முள் 12-ஐத் தாண்டும்வரை வெட்டாமல் விடுங்கள். உடனே ஆப்பின் காலண்டரைக் காட்டி, சனியிலிருந்து ஞாயிறுக்கு விரல் நகர்வதை மெதுவாக ஓட்டுங்கள். 'ரயில் ஏறும் நேரம் 12.00-க்கு மேலா? அடுத்த நாள் தேதி' என்ற ஒரே வரியை நான்கு நொடி நிறுத்துங்கள். சிவப்பு அம்புக்குறி, அலறும் சத்தம் எதுவும் தேவையில்லை என்பது என் எண்ணம்.

பழைய டிக்கெட்டைக் காட்டுவதானால் பிஎன்ஆரின் 10 இலக்கங்களையும் பயணியின் பெயரையும் மறையுங்கள். வெறும் மங்கல் போதாது, கருப்புக் கட்டம் போடுங்கள். நான் ஒருமுறை மேலே இருந்த எண்ணை மறைத்துவிட்டு, அடியில் இருந்த கியூஆர் குறியீட்டை அப்படியே விட்டுவிட்டேன்.