மாவுக் கடைக்கு முத்ரா கடன்: 'கடன் நோக்கம்' கடிதத்தைத் திருத்துவது எப்படி?

அண்ணி வீட்டிலேயே இட்லி மாவு அரைத்துப் பக்கத்து மளிகைக் கடைகளுக்குக் கொடுக்கிறார். பெரிய கிரைண்டர் வாங்க வங்கியில் கடன் கேட்டபோது எழுதிக் கொடுத்த கடிதத்தை, "பணம் எதுக்கு, எதுலேருந்து கட்டுவீங்கன்னு தெளிவா எழுதிக் கொண்டு வாங்க" என்று மேலாளர் திருப்பிக் கொடுத்துவிட்டார். நான் உட்கார்ந்து அதைத் திருத்தினேன். ஆதார், பான், உத்யம் பதிவு, உணவுப் பாதுகாப்புப் பதிவு எல்லாம் உங்களிடம் இருப்பதாக வைத்துக்கொள்கிறேன். இங்கே கடிதம் மட்டும்தான்.

முதலில் பழைய கடிதம்:

"நான் பல ஆண்டுகளாகச் சிறு தொழில் செய்து வருகிறேன். எனது தொழிலை விரிவுபடுத்தி வாழ்வில் முன்னேறவும், நான்கு பெண்களுக்கு வேலை கொடுக்கவும் தங்கள் மேலான வங்கியின் கடனுதவியை நாடுகிறேன். வியாபார வருமானத்திலிருந்து தவறாமல் திருப்பிச் செலுத்துவேன் என உறுதியளிக்கிறேன்."

என்ன தொழில் என்பதே இதில் இல்லை. எவ்வளவு பணம், என்ன வாங்கப் போகிறார், இப்போது எவ்வளவு விற்கிறது என்பதும் இல்லை. இதைப் படிப்பவர் கடன் கொடுக்கலாமா என்று யோசிக்கவே முடியாது.

படி 1: பேனாவால் அடியுங்கள்

கடிதத்தை அச்செடுத்து, ஒரு பொருளோ ஒரு தொகையோ இல்லாத வாக்கியத்தையெல்லாம் அடித்துவிடுங்கள். இதைத் திரையில் செய்யாதீர்கள், அழிக்க மனசு வராது. மேலே உள்ள கடிதத்தில் ஒன்றுமே மிஞ்சாது, பரவாயில்லை. "நான்கு பெண்களுக்கு வேலை" என்பதையும் எடுத்துவிட்டோம், ஏனென்றால் அதை எழுதினால் நாலு சம்பளம் எங்கிருந்து வரும் என்ற அடுத்த கேள்வி வரும்.

படி 2: பணம் எதற்கு

கடைக்காரரிடம் வாங்கிய கொட்டேஷனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுங்கள். ஜி.எஸ்.டி., வண்டி வாடகை எல்லாம் சேர்ந்த கடைசித் தொகை எதுவோ அதுவே கடிதத்திலும் வர வேண்டும். பொதுவாக வங்கி இயந்திரத்துக்கான பணத்தை நம் கையில் தராது, கொட்டேஷன் கொடுத்த கடைக்கே நேராக அனுப்பும். கடிதத்தில் ஒரு தொகை, கொட்டேஷனில் வேறு தொகை என்றால் வேலை அங்கேயே நிற்கும்.

அண்ணியின் கணக்கு இப்படி வந்தது: 10 லிட்டர் சாய்க்கும் கிரைண்டர் ரூ.37,800, குளிர்பெட்டி ரூ.34,200, பாக்கெட் ஒட்டும் இயந்திரம் ரூ.3,000. கூடுதல் அரிசி, உளுந்துக்கு ரூ.10,000. ஆக மொத்தம் ரூ.85,000. இதில் கைப்பணம் ரூ.10,000, கடன் ரூ.75,000.

அரிசி, உளுந்துப் பணத்தைத் தனி வரியில் காரணத்தோடு எழுதுங்கள். கடைகள் வாரம் ஒருமுறைதான் பணம் தருகின்றன, அதுவரை சரக்குக்குக் கையில் பணம் வேண்டும் என்று எழுதினால் போதும். 'இதர செலவுகள்' என்று ஒரு வரி போடவே போடாதீர்கள். அப்புறம் அந்தக் கைப்பணம் பாஸ்புக்கில் கண்ணுக்குத் தெரிய வேண்டும், பீரோவில் இருந்தால் கணக்கில் வராது.

முத்ராவில் ரூ.50,000 வரை 'சிசு' பிரிவு, அதற்கு மேல் 5 லட்சம் வரை 'கிஷோர்'. பிரிவை மனதில் வைத்துத் தொகையைக் கூட்டிக் குறைக்காமல் கொட்டேஷன் சொல்லும் தொகையையே கேளுங்கள்.

படி 3: எதிலிருந்து கட்டுவீர்கள்

பெரும்பாலோர் கோட்டைவிடுவது இங்கேதான். "வியாபார வருமானத்திலிருந்து" என்பது பதிலே இல்லை. மேலாளருக்குத் தெரிய வேண்டியது மாதாமாதம் தவணை போக எவ்வளவு மிஞ்சும் என்பதுதான். அதற்கு ஒரு கிலோ மாவிலிருந்து தொடங்கினோம்.

4 கிலோ இட்லி அரிசி 160 ரூபாய், ஒரு கிலோ உளுந்து 120 ரூபாய், சேர்த்து 280. இதில் சுமார் பன்னிரண்டரை கிலோ மாவு வருகிறது, அதாவது கிலோவுக்கு ரூ.22.40. கவர், மின்சாரம் எல்லாம் சேர்த்து 27 என்று வைத்தோம். கடைக்குக் கொடுப்பது 38. கிலோவுக்கு 11 ரூபாய் நிற்கும்.

இப்போது ஒரு நாளைக்கு 30 கிலோ போகிறது. சின்ன கிரைண்டரில் இதற்கு மேல் அரைக்க முடியவில்லை. புது கிரைண்டர் வந்தால் இன்னும் 30 கிலோ அரைக்கலாம். மாதம் 26 நாள் என்றால் கூடுதலாக வருவது 30 × 11 × 26 = ரூ.8,580. குளிர்பெட்டி மின்கட்டணத்துக்கும் பெட்ரோலுக்கும் 1,500 கழித்தால் ரூ.7,080.

தவணையைக் கூகுள் ஷீட்ஸில் போட்டுப் பாருங்கள். தவணை கணக்கிடும் செயலிகளில் கடன் விளம்பரம்தான் அதிகம், எனக்குப் பிடிக்காது.

```
=PMT(12%/12,36,-75000)
```

வட்டி 12 சதவீதம், 36 மாதம் என்று ஒரு பேச்சுக்கு வைத்தால் ரூ.2,491 வரும். உங்கள் கிளை சொல்லும் வட்டியை அங்கே மாற்றிக்கொள்ளுங்கள்.

இதோடு நிறுத்திவிடாதீர்கள். நினைத்ததில் பாதிதான் விற்றால் என்ன ஆகும்? 15 × 11 × 26 = 4,290, அதில் 1,500 போனால் 2,790. அப்போதும் தவணை கட்டலாம். 14 கிலோவுக்குக் கீழே போனால்தான் பழைய வருமானத்தில் கைவைக்க வேண்டிவரும். இந்த ஒரு வரியைக் கடிதத்தில் சேருங்கள், மேலாளர் தானாகப் போட்டுப் பார்க்கும் கணக்கு இதுதான்.

கூடுதல் 30 கிலோவை யார் வாங்குவார்கள் என்பதற்கு, புதிதாக மாவு கேட்கும் கடைகளிடம் கைப்பட எழுதிய இரண்டு வரி வாங்கி இணைத்துவிடுங்கள்.

திருத்திய கடிதம்

"இட்லி மாவு தயாரித்து நான்கு மளிகைக் கடைகளுக்கு நாளொன்றுக்கு 30 கிலோ கொடுக்கிறேன். கிரைண்டர், குளிர்பெட்டி, பாக்கெட் இயந்திரம் (ரூ.75,000, கொட்டேஷன்கள் இணைப்பு), கூடுதல் மூலப்பொருள் (ரூ.10,000) ஆக ரூ.85,000 தேவை. என் பங்கு ரூ.10,000. கடன் ரூ.75,000, 36 மாதத் தவணை வேண்டுகிறேன். கூடுதலாக 30 கிலோ விற்றால் செலவு போக மாதம் ரூ.7,080 கிடைக்கும். பாதி விற்றாலும் ரூ.2,790 கிடைக்கும். தவணை சுமார் ரூ.2,491. இப்போதைய விற்பனைப் பணம் வரும் கணக்கின் ஆறு மாத விவரம் இணைத்துள்ளேன்."

யூனிகோட் எழுத்துருவில் அடித்து பி.டி.எஃப். ஆக்கி அனுப்புங்கள். பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத வங்கிக் கணினியில் புரியாத எழுத்துகளாகத் திறக்கும்.

பின்சேர்க்கை: கருத்துப் பகுதியில் இரண்டு பேர் ஒரே சிக்கலைக் கேட்டிருந்தார்கள். கடையில் ஒட்டியிருக்கும் க்யூஆர் கணவர் பெயரில் இருக்கிறது, பணமெல்லாம் அவர் கணக்குக்குப் போகிறது, விண்ணப்பமோ மனைவி பெயரில். அப்படியானால் "விற்பனைப் பணம் என் கணவரின் கணக்கில் வருகிறது, அந்த விவரமும் இணைப்பு" என்று வெளிப்படையாக எழுதுங்கள். இன்றே உங்கள் பெயரில் ஒரு க்யூஆர் வாங்கி மாட்டிவிடுங்கள், அடுத்த மாதங்களிலாவது உங்கள் கணக்கில் வரவு தெரியும்.

இன்னொன்று: மகளிர் குழுக் கடன் ஓடிக்கொண்டிருந்தால் மறைக்காதீர்கள், சிபில் அறிக்கையில் அது தெரிந்துவிடலாம். அந்தத் தவணை மாதம் 1,200 என்றால், அதை எந்த வருமானத்திலிருந்து கட்டுகிறீர்கள் என்று கடிதத்திலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள். பழைய கடனை அடைக்க இந்தப் பணத்தைக் கேட்பதாக மட்டும் எழுத வேண்டாம், முத்ரா அதற்கான கடன் இல்லை.