சாயப்பட்டறை பாக்கியைத் தவணையில் கட்டக் கேட்பது எப்படி?

திருப்பூரில் சின்னதாக பனியன் யூனிட் நடத்துகிறவர்களுக்கு இது பழகிய சிக்கல். பையர் பணம் தள்ளிப்போகும். சனிக்கிழமை சம்பளம் தள்ளிப்போகாது. கடைசியில் நிலுவையில் நிற்பது சாயப்பட்டறை பில்தான். பாக்கி மூன்று, நான்கு லட்சம் ஆனதும் பட்டறைக்காரர் அடுத்த லாட்டைத் தொட்டியில் போட மாட்டார். அந்த நிலையில் தவணை கேட்டு எப்படிப் போவது என்பதை ஒரு மாதிரிக் கணக்கோடு சொல்கிறேன். தொகைகளை உங்கள் யூனிட்டுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

1. முதலில் பாக்கி எவ்வளவு என்பதில் ஒத்துப்போங்கள்

பேசப் போவதற்கு முன் அவர்களுடைய லெட்ஜரை வாங்கி, உங்கள் கணக்கோடு வரிக்கு வரி பாருங்கள். நம் உதாரணத்தில் பட்டறை லெட்ஜரில் ₹3,84,000, நம் கணக்கில் ₹3,66,000. வித்தியாசம் ₹18,000. தேடினால், ஷேடு மாறி வந்த ஒரு லாட்டுக்கு நாம் போட்ட டெபிட் நோட் ₹14,000, பிடித்துக் கட்டிய டி.டி.எஸ். ₹4,000, இரண்டுமே அங்கே ஏறவில்லை. இதை அவர்களுடைய அக்கவுண்டன்டிடமே பேசி முடித்துவிட வேண்டும். முதலாளி முன்னால் உட்கார்ந்த பிறகு ஷேடு பற்றிய பேச்சை எடுத்தால், பணம் கொடுக்காமலிருக்கக் காரணம் தேடுவதாகத்தான் அவருக்குப் படும்.

2. எவ்வளவு கட்ட முடியும் என்று பாருங்கள்

கடந்த ஆறு மாத பேங்க் ஸ்டேட்மென்டை எடுத்து, அதில் வரவு குறைந்த மூன்று மாதங்களின் சராசரியைப் போடுங்கள். நல்ல மாதத்தை வைத்துக் கணக்குப் போட்டால் இரண்டாவது தவணையிலேயே தடுக்கும். நம் உதாரணத்தில் அந்தச் சராசரி ₹5,60,000. செலவு இப்படி:

- சம்பளம்: ₹1,90,000
- நூல், நிட்டிங், புது லாட்டுகளுக்கான சாயக்கூலி: ₹2,35,000
- வாடகை, கரண்ட்: ₹35,000
- பேங்க் தவணை: ₹28,000
- வீட்டுச் செலவு: ₹25,000

மொத்தம் ₹5,13,000. மிச்சம் ₹47,000. இதை அப்படியே தவணையாகச் சொல்லிவிடக் கூடாது. ஒரு மெஷின் ரிப்பேர் வந்தாலே திட்டம் கவிழ்ந்துவிடும். மாதம் ₹35,000 என்று வைத்துக்கொள்வோம்.

செலவுப் பட்டியலில் வீட்டுச் செலவும், இனி வரும் லாட்டுகளின் சாயக்கூலியும் இருக்கிறதா என்று பாருங்கள். பலர் விட்டுவிடுவது இந்த இரண்டையும்தான். பழைய பாக்கியை அடைக்கும்போதே புதுப் பாக்கி ஏறினால், பட்டறைக்காரர் பார்வையில் நீங்கள் ஒன்றுமே கட்டவில்லை.

3. கையில் ஒரு தொகையோடு போங்கள்

வெறுங்கையோடு போய்த் தவணை கேட்பதும், முதலில் ஒரு தொகையைக் கொடுத்துவிட்டுக் கேட்பதும் ஒன்றல்ல. குடோனில் கிடக்கும் செகண்ட்ஸ் சரக்கு, கட்டிங் வேஸ்ட் ஆகியவற்றைத் தள்ளிவிட்டு ₹51,000 புரட்டியதாக வைத்துக்கொள்வோம். மீதி ₹3,15,000. மாதம் ₹35,000 என்றால் ஒன்பது தவணை.

4. நேரில் பேசுங்கள்

அவர் போன் செய்து கேட்கும் முன் நீங்கள் போங்கள். வாட்ஸ்அப்பில் இதை ஆரம்பிக்காதீர்கள். பேச்சு சுருக்கமாக இருக்கட்டும்: "அண்ணா, பாக்கி மூணு லட்சத்து அறுபத்தாறாயிரம்ங்க. இன்னைக்கு அம்பத்தோராயிரம் போட்டுடறேன். மீதியை மாசம் முப்பத்தஞ்சாயிரமா ஒன்பது மாசத்துல முடிச்சுடறேன். புது லாட்டுக்கெல்லாம் டெலிவரி எடுக்கறப்பவே பணம் கட்டிடறேன்ங்க."

அவர் நிச்சயம் "ஆறு மாசத்துல முடிச்சுடுங்க" என்பார். ஆறு மாதம் என்றால் மாதம் ₹52,500. நம் மிச்சமே ₹47,000தான். சரி என்று தலையாட்டிவிட்டு வராதீர்கள். அதற்குப் பதிலாக, நிற்கும் வரவு ஒன்றைக் காட்டுங்கள். ஒரு பையரிடம் ₹1,40,000 நிற்கிறது என்றால், "அது வந்ததும் பாதி உங்களுக்குங்க" என்று சொல்லலாம். அந்த ₹70,000 வந்தால் இரண்டு தவணை குறைந்து ஏழு மாதத்தில் முடியும். வராவிட்டாலும் ஒன்பது மாதத் திட்டம் அப்படியே ஓடும்.

5. எழுதிக் கொடுங்கள்

லெட்டர்ஹெட்டில் ஒரு பக்கம் போதும்:

> தங்கள் லெட்ஜர்படி இன்றைய தேதியில் நாங்கள் செலுத்த வேண்டிய பாக்கி ₹3,66,000. இதில் ₹51,000 இன்று வங்கி மூலம் செலுத்தியுள்ளோம். மீதி ₹3,15,000-ஐ அடுத்த மாதம் முதல் ஒவ்வொரு மாதமும் 12-ம் தேதிக்குள் ₹35,000 வீதம் ஒன்பது தவணைகளில் செலுத்துகிறோம். தவணைத் தொகையைப் பழைய பில்களில் தேதி வரிசைப்படி வரவு வைக்கவும். புது லாட்டுகளுக்கான தொகையை டெலிவரியின்போது தனியாகச் செலுத்துவோம்; அதைப் புது பில்லுக்கே வரவு வைக்கவும்.

12-ம் தேதி சும்மா வந்ததல்ல. உங்கள் பையர் 5-ம் தேதி வாக்கில் பணம் போடுகிறவர் என்றால் ஒரு வாரம் தள்ளி வைப்பதுதான் பத்திரம். கடைசி இரண்டு வரிகளும் முக்கியம். எந்தப் பில்லுக்கான பணம் என்று சொல்லாமல் போட்டால், அவர் விரும்பிய பாக்கியில் வரவு வைத்துக்கொள்ள ஒப்பந்தச் சட்டம் இடம் தருகிறது. அப்புறம் பணம் கட்டிய புது லாட்டும் பட்டறையிலேயே நிற்கும். பணம் அனுப்பும்போது ரிமார்க்ஸிலும் பில் நம்பரைப் போடுங்கள். அவர் கையெழுத்துப் போட்ட நகல் ஒன்று உங்கள் ஃபைலில் இருக்கட்டும்.

6. ஒன்பது செக்கையும் மொத்தமாகக் கொடுக்காதீர்கள்

பட்டறைக்காரர் தேதி போட்ட செக் கேட்பார். பணமில்லாமல் செக் திரும்பினால் செலாவணி முறிச் சட்டம் 138-வது பிரிவு வந்துவிடும். செக் திரும்பிய தகவல் கிடைத்த 30 நாளுக்குள் அவர் நோட்டீஸ் அனுப்பலாம். நோட்டீஸ் கைக்கு வந்த 15 நாளுக்குள் நீங்கள் கட்டாவிட்டால் கிரிமினல் வழக்கு. இரண்டு ஆண்டு வரை சிறை, செக் தொகையைப் போல் இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். ஆகவே இரண்டு மூன்று செக் மட்டும் கொடுத்து, அவை பாஸானதும் அடுத்ததைக் கொடுப்பதாகப் பேசுங்கள். தேதியில்லாத செக் வேண்டவே வேண்டாம்.

7. ஆடிட்டரிடம் காட்டுங்கள்

ஜி.எஸ்.டி.யில் பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் கட்டாவிட்டால், அந்தப் பில்லுக்கு எடுத்த உள்ளீட்டு வரியை வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும். பணம் கட்டியதும் வரியை மறுபடி எடுத்துக்கொள்ளலாம். வட்டி போனது போனதுதான். கடிதத்தில் தேதி வரிசை கேட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

பட்டறை உத்யம் பதிவுள்ள குறு அல்லது சிறு நிறுவனமாக இருந்தால் இன்னொன்றும் உண்டு. எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் போன தொகைக்கு, ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல் மூன்று மடங்கு வட்டி கேட்கச் சட்டம் இடம் தருகிறது. உறவு நன்றாக இருக்கும்வரை பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. ஆனால் வருமான வரி கேட்கும்: கெடு தாண்டி மார்ச் 31-ல் நிலுவையில் நிற்கும் தொகையை அந்த ஆண்டுச் செலவாகக் காட்ட முடியாது, கட்டிய ஆண்டில்தான் காட்டலாம். தவணை மார்ச்சைத் தாண்டினால் அந்த ஆண்டு வரி எவ்வளவு கூடும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

8. ஒரு தவணை தடுக்கினால்

12-ம் தேதி முடியாது என்பது 9-ம் தேதியே தெரிந்துவிடும். அன்றே கூப்பிட்டு, இருக்கும் ₹20,000-ஐப் போட்டுவிட்டு, மீதிக்கு ஒரு தேதி சொல்லுங்கள். செக் கொடுத்திருந்தால் பேங்கில் போட வேண்டாம் என்று எழுத்தில், குறைந்தது மெசேஜிலாவது, சம்மதம் வாங்குங்கள். கடைசித் தவணை கட்டிய அன்று, பழைய பாக்கி பூஜ்யம் என்று காட்டும் லெட்ஜர் நகலில் பட்டறை சீலோடு கையெழுத்து வாங்கி, போடாமல் இருக்கும் செக்குகளையும் கையோடு திரும்ப வாங்கி வந்துவிடுங்கள்.