பி.எஃப். பென்ஷன் மாதம் எவ்வளவு வரும்? நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்

தனியார் நிறுவனத்தில் வேலை பார்த்து, சம்பளத்தில் பி.எஃப். பிடித்தம் உள்ளவர்களுக்கு 58 வயதில் அரசு நடத்தும் ஓய்வூதியம் ஒன்று உண்டு. அதன் பெயர் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம் 1995. பி.எஃப். அலுவலகத்தில் இ.பி.எஸ். என்பார்கள். 1995 நவம்பர் 16 முதல் நடைமுறையில் இருக்கிறது. இதில் மாதம் எவ்வளவு கிடைக்கும் என்பதை ஒரு பெருக்கல், ஒரு வகுத்தலில் கண்டுபிடித்துவிடலாம். ஆனாலும் ஓய்வு பெறும்போது பலருக்குக் கையில் வரும் தொகை, எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே இருக்கிறது. காரணம், அந்தச் சூத்திரத்தில் எந்தச் சம்பளத்தை, எத்தனை வருடத்தைப் போட வேண்டும் என்று யாரும் சரியாகச் சொல்லித் தருவதில்லை. அதை இங்கே ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

முதலில் ஒரு தெளிவு: இது சேமிப்புக் கணக்கு இல்லை

உங்கள் சம்பளத்தில் பிடிக்கும் 12 சதவீதம் முழுவதும் உங்கள் பி.எஃப். கணக்குக்குப் போகிறது. அதிலிருந்து பென்ஷனுக்கு ஒரு பைசாவும் போவதில்லை. முதலாளி தன் பங்காகக் கட்டும் 12 சதவீதத்தில்தான் 8.33 சதவீதம் பென்ஷன் நிதிக்குப் பிரிந்து போகிறது. மத்திய அரசு தன் பங்காக 1.16 சதவீதம் சேர்க்கிறது.

பாஸ்புக்கில் பென்ஷன் பங்கு என்று ஒரு பத்தி இருக்கும். அதைக் கூட்டிப் பார்த்து, "இவ்வளவு பணம் சேர்ந்திருக்கிறதே, வட்டியோடு வருமா?" என்று கேட்பவர்கள் நிறையப் பேர். அந்தத் தொகைக்கு வட்டி கிடையாது. உங்கள் பென்ஷனும் அந்தக் கூட்டுத்தொகையை வைத்துக் கணக்கிடப்படுவதில்லை. எத்தனை வருடம் பங்கு கட்டப்பட்டது, கடைசிக் காலத்தில் சராசரிச் சம்பளம் எவ்வளவு, இந்த இரண்டும்தான் கணக்கு. வேலை மாறும்போது பழைய கணக்கைப் புதியதோடு இணைத்தால், பென்ஷன் பத்தியில் தொகை எதுவும் வந்து சேராமல் பூஜ்யமாகத் தெரியலாம். பயப்பட வேண்டாம், மாற வேண்டியது பணி வருடங்கள்தான்.

படி 1: பணி வருடங்களை எண்ணுங்கள்

பி.எஃப். உறுப்பினர் இணையதளத்தில் உங்கள் யுஏஎன் எண்ணைக் கொண்டு நுழைந்து, `Service History` பக்கத்தைத் திறங்கள். ஒவ்வொரு நிறுவனத்திலும் நீங்கள் சேர்ந்த தேதி, விலகிய தேதி இரண்டும் இருக்கும். இதில் `EPF` தேதி வேறு, `EPS` தேதி வேறு. நமக்கு வேண்டியது `EPS` தேதி மட்டும். 2014 செப்டம்பர் 1-க்குப் பிறகு முதல்முறையாக பி.எஃப்.-இல் சேர்ந்து, அப்போதே அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 15,000 ரூபாயைத் தாண்டியிருந்தவர்கள் இந்தப் பென்ஷனில் உறுப்பினரே ஆக மாட்டார்கள். அவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

பல நிறுவனங்களில் வேலை பார்த்திருந்தால் எல்லாவற்றையும் கூட்டுங்கள். சம்பளம் இல்லாத விடுப்பு நாட்கள் `NCP Days` என்று பதிவாகியிருக்கும், அவற்றைக் கழித்துவிடுங்கள். மொத்தத்தில் மிஞ்சும் மாதங்கள் ஆறோ அதற்கு மேலோ இருந்தால் ஒரு முழு வருடமாகச் சேரும். ஆறுக்குக் கீழே என்றால் விட்டுவிடுவார்கள். அதாவது 18 வருடம் 9 மாதம் 19 ஆகும், 18 வருடம் 4 மாதம் 18-தான்.

10 வருடம் இருந்தால்தான் மாதப் பென்ஷன். இந்த முழுமையாக்கும் விதியால் 9 வருடம் 6 மாதம் முடித்தவரும் 10-க்குள் வந்துவிடுவார். 20 வருடம் முடித்து 58 வயதில் ஓய்வு பெறுபவருக்கு, கூடுதலாக 2 வருடம் போனஸாகச் சேர்க்கப்படும்.

படி 2: கடைசி 60 மாதச் சராசரியைக் கண்டுபிடியுங்கள்

இங்கே சம்பளம் என்றால் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும். வீட்டு வாடகைப் படி சேராது. முன்பு கடைசி 12 மாதச் சராசரியைத்தான் எடுத்தார்கள். 2014 செப்டம்பர் 1 முதல் அது 60 மாதமாகிவிட்டது. ஓய்வுக்கு முந்தைய வருடம் நல்ல சம்பள உயர்வு கிடைத்தாலும் பென்ஷன் பெரிதாக ஏறாததற்கு இதுதான் காரணம்.

சம்பளச் சீட்டுகள் கையில் இல்லையா? பாஸ்புக்கிலிருந்தே எடுக்கலாம். பென்ஷன் பத்தியில் உள்ள மாதத் தொகையை 0.0833-ஆல் வகுத்தால் அந்த மாதச் சம்பளம் கிடைக்கும். 1,041 ரூபாய் என்று இருந்தால் சம்பளம் சுமார் 12,500. எல்லா மாதமும் 1,250 என்றே இருந்தால் நீங்கள் 15,000 உச்சவரம்பைத் தொட்டுவிட்டீர்கள் என்று பொருள். உண்மைச் சம்பளம் 40,000 ஆனாலும் பென்ஷன் கணக்கில் 15,000-தான்.

உடம்பு சரியில்லாமல் சில மாதம் சம்பளமே இல்லாமல் போனால் சராசரி விழுந்துவிடுமோ என்ற கவலை பலருக்கும் உண்டு. விழாது. அந்த 60 மாதத்தில் வாங்கிய மொத்தச் சம்பளத்தை, சம்பளம் வாங்கிய நாட்களால் மட்டும் வகுத்து, 30-ஆல் பெருக்கி மாதச் சராசரி எடுப்பார்கள். சம்பளமில்லா விடுப்பு பணி வருடத்தைத்தான் குறைக்கும், சராசரியை அல்ல.

படி 3: 2014-இல் கோடு போட்டு இரண்டாகப் பிரியுங்கள்

இணையத்தில் கிடைக்கும் பல கால்குலேட்டர்கள் தவறுவது இந்த இடத்தில்தான். பொதுவாகச் சொல்லப்படும் சூத்திரம் இது:

```
சராசரிச் சம்பளம் × பணி வருடங்கள் ÷ 70
```

70 எதற்கு? 35 வருடம் பணி உள்ளவருக்கு 35 ÷ 70, அதாவது சராசரிச் சம்பளத்தில் சரிபாதி வரும். ஒவ்வொரு வருடமும் சராசரியில் எழுபதில் ஒரு பங்கைச் சம்பாதித்துத் தருகிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஆனால் சம்பள உச்சவரம்பு எல்லாக் காலத்திலும் ஒன்றாக இருக்கவில்லை. 2001 ஜூன் முதல் 6,500 ரூபாய். 2014 செப்டம்பர் 1 முதல்தான் 15,000. எனவே அந்தத் தேதிக்கு முந்தைய வருடங்களுக்குச் சராசரி அதிகபட்சம் 6,500 என்றும், பிந்தைய வருடங்களுக்கு அதிகபட்சம் 15,000 என்றும் தனித்தனியாகக் கணக்கிட்டுக் கூட்டுவார்கள். 15,000-ஐ மொத்த வருடங்களோடும் பெருக்கினால் விடை தப்பாகத்தான் வரும்.

(உண்மைச் சம்பளத்துக்கே பங்கு கட்டக் கூட்டு விருப்பம் கொடுத்து, அது ஏற்கப்பட்டவர்களுக்கு இந்த உச்சவரம்புகள் இல்லை. அவர்கள் கதை தனி. 1995-க்கு முன்பு பழைய குடும்ப ஓய்வூதியத் திட்டத்தில் இருந்தவர்களுக்கும் கூடுதலாக ஒரு சிறு தொகை சேரும்.)

முழுக் கணக்கு: செல்வியின் பென்ஷன்

உதாரணத்துக்காக செல்வி என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் 2005 செப்டம்பர் 1-இல் சேர்ந்து, 58 வயது முடிந்து 2024 ஆகஸ்ட் 31-இல் ஓய்வு பெறுகிறார். நடுவில் சம்பளமில்லா விடுப்பு இல்லை.

பணிக்காலம் 19 வருடம். கோட்டுக்கு முன் 9, பின் 10.

கடைசி 60 மாதத்தில் முதல் 24 மாதம் 11,000, அடுத்த 24 மாதம் 12,500, கடைசி 12 மாதம் 14,000 ரூபாய் சம்பளம். மூன்றையும் பெருக்கிக் கூட்டினால் 7,32,000. அதை 60-ஆல் வகுத்தால் சராசரி 12,200.

முன் பகுதிக்கு 12,200-ஐ எடுக்க முடியாது, 6,500-இல் நிறுத்த வேண்டும். பின் பகுதிக்கு 15,000-க்குள் இருப்பதால் 12,200-ஐ அப்படியே எடுக்கலாம்.

```
2014-க்கு முன்:    6500 × 9 ÷ 70   =  835.71
2014-க்குப் பின்: 12200 × 10 ÷ 70  = 1742.86
மொத்தம்                            = 2578.57
```

ஆக, மாதம் சுமார் 2,579 ரூபாய். கடைசிச் சம்பளமான 14,000-ஐ 19-ஆல் பெருக்கி 70-ஆல் வகுத்தவருக்கு 3,800 என்று வந்திருக்கும். இரண்டுக்கும் இடையே 1,200 ரூபாய்க்கு மேல் வித்தியாசம். ஓய்வுக்குப் பிந்தைய வீட்டுச் செலவை அந்த 3,800-ஐ நம்பித் திட்டமிட்டிருந்தால் சிரமம்தான். விலைவாசியோடு சேர்ந்து ஏறும் பஞ்சப்படியும் இந்தப் பென்ஷனில் கிடையாது என்பதால், ஆரம்பத் தொகையைச் சரியாகத் தெரிந்துகொள்வது இன்னும் அவசியமாகிறது.

வருடங்கள் எங்கே தொலைகின்றன

செல்விக்கு 19 வருடம்தான், 20 இல்லை. அதனால் 2 வருட போனஸும் இல்லை. இப்போது இப்படி நினைத்துப் பாருங்கள்: 2005-க்கு முன்பு அவர் வேறொரு மில்லில் 5 வருடம் வேலை பார்த்து, விலகியதும் படிவம் 10சி கொடுத்து பென்ஷன் பணத்தையும் எடுத்துவிட்டார். 10 வருடம் முடிக்காமல் விலகுபவர்கள் இப்படி எடுக்க வழி உண்டு. எடுத்த அன்றே அந்த 5 வருடம் கணக்கிலிருந்து போய்விட்டது.

எடுக்காமல் விட்டிருந்தால் 6,500 × 5 ÷ 70, அதாவது மாதம் 464 ரூபாய் கூடுதலாக வந்திருக்கும். மொத்தப் பணிக்காலம் 24 ஆகி, 2 வருட போனஸும் கிடைத்திருக்கும். அந்த 2 வருடத்தைக் குறைந்த வரம்பான 6,500-இல் கணக்கிட்டாலும் இன்னொரு 186 ரூபாய். ஆயுள் முழுக்க மாதாமாதம் 650 ரூபாய், அன்று கையில் வாங்கிய சிறு தொகைக்காகப் போய்விட்டது. என்னைக் கேட்டால், வேலை மாறும்போது பி.எஃப். பணம் அவசரத்துக்குத் தேவைப்பட்டாலும் பென்ஷன் பகுதியைத் தொடவே கூடாது. அதே 10சி படிவத்தில், பணத்துக்குப் பதிலாகத் திட்டச் சான்றிதழ் கேட்டு வாங்கலாம். அது அந்த வருடங்களைக் காப்பாற்றி வைக்கும்.

எப்போது வாங்கத் தொடங்குவது

10 வருடம் முடித்து வேலையை விட்டவர் 50 வயதிலிருந்தே பென்ஷன் வாங்கலாம். ஆனால் 58-க்குக் குறையும் ஒவ்வொரு வருடத்துக்கும் 4 சதவீதம் வெட்டு. 58 ஆனதும் அந்த வெட்டு நீங்கிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள், நீங்காது. மாறாக 60 வயது வரை தள்ளிப்போட்டால் வருடத்துக்கு 4 சதவீதம் கூடும்.

விண்ணப்பம் படிவம் 10டி. அதைக் கொடுப்பதற்கு முன், `Service History` பக்கத்தில் உள்ள தேதிகளை உங்கள் பணி நியமனக் கடிதத்தோடு ஒப்பிடுங்கள். விலகிய தேதி ஏறாமல் இருப்பது, பழைய நிறுவனத்தின் கணக்கு வேறு யுஏஎன்-இல் தங்கிவிட்டது, இந்த இரண்டும் அடிக்கடி நடக்கும் கோளாறுகள். சில தேதித் திருத்தங்களுக்கு நிறுவனமும் நீங்களும் சேர்ந்து கொடுக்கும் கூட்டு உறுதிமொழி வேண்டியிருக்கும். எனவே 58 வரும்வரை காத்திருக்காமல், வேலையில் இருக்கும்போதே, மனிதவளத் துறையில் ஆள் பிடிக்க முடிகிற காலத்திலேயே அதை முடித்துவிடுங்கள்.